நேத்தே அனுப்பிட்டேன்: 'ஹேவ்' வரும் இடமும் வராத இடமும்

தமிழ் வழியாக ஆங்கிலம் சொல்லித்தரும் கைடுகளில் பன்னிரண்டு காலங்களுக்கான அட்டவணை ஒன்று தவறாமல் இருக்கும். அதில் சிம்பிள் பாஸ்ட்டுக்கு எதிரே 'பார்த்தேன்' என்றும், பிரசன்ட் பெர்ஃபெக்ட்டுக்கு எதிரே 'பார்த்திருக்கிறேன்' என்றும் போட்டிருப்பார்கள். கீழே ஒரு வரி விளக்கம்: 'சற்று முன் முடிந்த செயலைக் குறிக்க ஹேவ் அல்லது ஹேஸ் உடன் வி-3 வரும்.' நான் படித்த காலத்திலும் இதுதான், இப்போது பிள்ளைகள் படிக்கிற புத்தகங்களிலும் பெரும்பாலும் இதுதான்.

இந்த இரண்டு வரிகளுமே சரியில்லை என்பது என் கருத்து. அரைகுறையாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அந்த அட்டவணையை ஒழுங்காக மனப்பாடம் செய்து ஒழுங்காகப் பயன்படுத்தினாலே பிழை வரும் என்று சொல்கிறேன். ஏன் என்று பார்ப்போம். (ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.)

முதலில் 'சற்று முன்'

இதைச் சோதிக்க இரண்டே வாக்கியம் போதும்.

வத்தலக்குண்டு பஸ் ஒரு நிமிஷம் முன்னாடி போனது. இதை ஆங்கிலத்தில் 'த பஸ் லெஃப்ட் எ மினிட் அகோ' என்றுதான் சொல்ல முடியும். 'ஹேஸ் லெஃப்ட் எ மினிட் அகோ' என்று சொல்ல முடியாது. ஒரு நிமிஷத்தை விட 'சற்று முன்' என்ன இருக்கிறது? ஆனாலும் ஹேஸ் வரவில்லை.

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை டெல்லி போய்வந்த ஒருவர், இன்றைக்கும் 'ஐ ஹேவ் பீன் டு டெல்லி' என்று சொல்லலாம். முப்பது வருஷம் சற்று முன் இல்லை. ஆனாலும் ஹேவ் வந்துவிட்டது.

ஆக, எவ்வளவு நேரம் முன்னால் நடந்தது என்பது இங்கே கணக்கே இல்லை. வாக்கியத்துக்குள் 'எப்போது' என்பதற்குப் பதில் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. 'எ மினிட் அகோ' என்பது எப்போது என்று சொல்லிவிடுகிறது. கடந்த காலத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டால் ஆங்கிலம் ஹேவை ஏற்காது. டெல்லி வாக்கியத்தில் புள்ளி எதுவும் இல்லை. 'பிறந்ததிலிருந்து இந்த நிமிஷம் வரைக்கும்' என்று ஒரு நீளமான கயிறு இருக்கிறது, அதில் எங்கேயோ ஒரு முடிச்சு. கயிற்றின் ஒரு நுனி இப்போதைய நேரத்தில் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டு இருக்கும்வரை ஹேவ்.

அதே ஆளிடம் 'எப்போ போனீங்க?' என்று அடுத்த கேள்வி கேட்டால், பதில் உடனே மாறிவிடும்: 'ஐ வென்ட் இன் 1994.' ஆங்கிலப் பேச்சில் இது ஒரு வழக்கமான நடை. செய்தியை முதலில் ஹேவ் போட்டு உடைப்பார்கள், விவரத்துக்குள் இறங்கியதும் சிம்பிள் பாஸ்ட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரே சம்பவம்தான், ஒரே பேச்சுதான், காலம் மட்டும் மாறுகிறது. 'சற்று முன்' விதியால் இதை விளக்கவே முடியாது.

இந்த விதி நிஜமாகவே இருந்த இடம்

செயல் எவ்வளவு முன்னால் நடந்தது என்று அளந்து வினைமுற்றைத் தேர்ந்தெடுக்கும் விதியை ஒரு மொழிக்கு நிஜமாகவே எழுதிவைத்தார்கள். அந்த மொழி பிரெஞ்ச்.

பிரெஞ்சிலும் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று பாஸே சாம்ப்ள், ஒற்றை வினைச்சொல். இன்னொன்று பாஸே கம்போஸே, ஆங்கிலத்தின் ஹேவ் போலவே 'அவ்வார்' என்ற துணைவினை சேர்ந்தது (சில வினைகளுக்கு 'எத்ர்' சேரும்). 16, 17ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் இதற்கு 24 மணி நேர விதி என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஆன்ரி எஸ்தியேன் 1569-லேயே இதைச் சொல்லியிருக்கிறார். 1660-ல் வந்த போர்-ருவாயால் இலக்கணமும் இதைத்தான் சொல்கிறது. சுருக்கமாக: இன்றைக்கு நடந்ததற்குக் கம்போஸே, ஒரு நாளாவது தள்ளி நடந்ததற்குத்தான் சாம்ப்ள்.

இந்த விதி ஒரு நாடகாசிரியரையே மாட்டிவிட்டது. 1637-ல் கொர்னேய் எழுதிய 'ல சித்' நாடகம் பெரிய வெற்றி. மறு வருஷம் பிரெஞ்ச் அகாதமி அந்த நாடகத்தின் மேல் தன் தீர்ப்பை வெளியிட்டது. அதில் ஒரு குற்றச்சாட்டு: ஒரு பாத்திரம் தான் செய்த அவமதிப்பைப் பற்றிப் பேசும்போது பாஸே சாம்ப்ளில் பேசுகிறது. ஆனால் கதைப்படி அவமதிப்பு அப்போதுதான் நடந்தது, எனவே கம்போஸேதான் வரவேண்டும் என்றது அகாதமி. கொர்னேய் பிற்காலப் பதிப்பில் அந்த வரியையே மாற்றிவிட்டார்.

பிறகு என்ன ஆனது? பேசுகிற ஜனங்கள் 24 மணி நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. கம்போஸே கொஞ்சம் கொஞ்சமாக நேற்றையும், போன வருஷத்தையும், நூறு வருஷத்துக்கு முந்தியதையும் விழுங்கிவிட்டது. இன்றைய பிரெஞ்ச் பேச்சில் பாஸே சாம்ப்ள் கிட்டத்தட்ட இல்லை, கதைகளிலும் வரலாற்று நூல்களிலும்தான் வாழ்கிறது. 'இயேர்' என்றால் நேற்று. 'ழெ வ்யூ போல் இயேர்' என்பது, அதாவது 'நேற்று போலைப் பார்த்தேன்' என்பது, பிழையே இல்லாத பிரெஞ்ச். சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் 'ஐ ஹேவ் சீன் போல் எஸ்டர்டே' என்று வரும். அது பிழையான ஆங்கிலம்.

பிளஸ் டூவில் தமிழுக்குப் பதிலாக பிரெஞ்ச் எடுக்கிற பிள்ளைகளுக்கு இது ஒரு பொறி. 'கம்போஸே என்பது பிரசன்ட் பெர்ஃபெக்ட் மாதிரி' என்று சொல்லிக்கொடுத்தால் உருவத்தில் சரி, வேலையில் தவறு. பிரெஞ்சில் கடந்த காலத்தைப் பேசும்போது மண்டையைக் குடைய வேண்டிய கேள்வி கம்போஸேயா, இம்பர்ஃபேயா என்பதுதான். நடந்து முடிந்த சம்பவமா, அல்லது அப்போது நிலவிக்கொண்டிருந்த சூழ்நிலையா என்ற கேள்வி அது. ஆங்கிலத்தின் ஹேவ் பிரச்சினை அங்கே இல்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: 'ஹேவ் மாதிரி ஒரு துணைவினை' என்ற உருவத்தை வைத்து அர்த்தத்தை முடிவு செய்யக்கூடாது. தமிழுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

'இருக்கிறேன்' என்ன செய்கிறது?

அட்டவணையின் அடுத்த பிழை: 'பார்த்திருக்கிறேன்' என்றால் 'ஐ ஹேவ் சீன்' என்பது.

அனுபவத்தைச் சொல்லும்போது இது சரியாகவே பொருந்தும். 'டெல்லி போயிருக்கேன்', 'அந்தப் படம் பாத்திருக்கேன்'. இரண்டுக்கும் ஹேவ் போடலாம், தப்பில்லை. சிக்கல் அடுத்த வேலையில் இருக்கிறது.

சேவுகம்பட்டியில் சோலைமலை அழகர் பெருமாள் கோயில் திருவிழாவில் தை மாதம் வாழைப்பழம் சூறைவிடுவார்கள். கூடை கூடையாகக் கொண்டுவந்து மேலிருந்து வீசுவார்கள், கூட்டம் பிடித்துக்கொள்ளும். நேரில் நின்று பழம் பிடித்த ஒருவர் மறுநாள் என்ன சொல்வார்? 'நேத்து சூறை விட்டாங்க.' வெளியூரில் வேலை பார்த்துவிட்டு மறுநாள் காலையில் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர், தெருவில் நசுங்கிக் கிடக்கிற பழத்தைப் பார்த்து என்ன சொல்வார்? 'நேத்து சூறை விட்டிருக்காங்க.'

இரண்டு வாக்கியத்திலும் 'நேத்து' இருக்கிறது, நடந்த சம்பவமும் ஒன்றுதான். வித்தியாசம் காலத்தில் இல்லை. சொல்கிறவருக்கு அது எப்படித் தெரியவந்தது என்பதில் இருக்கிறது. 'விட்டிருக்காங்க' என்பதற்குள் 'நான் பார்க்கவில்லை, தடயத்தை வைத்துச் சொல்கிறேன்' என்ற செய்தி ஒளிந்திருக்கிறது. காலையில் முற்றம் நனைந்திருப்பதைப் பார்த்து 'ராத்திரி மழை பேஞ்சிருக்கு' என்கிறோமே, அதே கதைதான்.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சிம்பிள் பாஸ்ட்தான். தடயத்தைக் காட்டியே தீரவேண்டுமென்றால் 'இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என்று வேறு வழியில் போகவேண்டும். அட்டவணையைப் பிடித்துக்கொண்டு போனால் 'இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என்று வந்து நிற்கும். பிழை.

வரலாறு எழுதுகிறவர்களும் இதே இடத்தில் விழுகிறார்கள். '1921-ல் காந்தி மதுரைக்கு வந்திருக்கிறார், அங்கேதான் அரையாடைக்கு மாறியிருக்கிறார்' என்பது நல்ல தமிழ். எழுதுகிறவர் அதை நேரில் பார்த்தவர் இல்லை, படித்துத் தெரிந்துகொண்டவர் என்பது அந்த 'இருக்கிறார்' வழியாகத் தெரிகிறது. ஆங்கிலத்துக்குப் போனால் வருஷம் இருப்பதால் 'கேம்', 'சேஞ்ச்ட்' என்றுதான் வரும். வருஷத்தை எடுத்துவிட்டாலும் தப்பிக்க முடியாது. 'காந்தி ஹேஸ் விசிட்டட் மதுரை' என்று சும்மா சொன்னால், அவர் இன்னும் இருக்கிறார், திரும்பவும் வரலாம் என்பதுபோல ஆங்கிலக் காதுக்குக் கேட்கும். கயிற்றின் நுனியைக் கட்ட இப்போது ஆள் இல்லை. தமிழுக்கு அந்தக் கவலை கிடையாது.

தன்மையில் இன்னும் வேடிக்கை. 'நேத்து அவரைப் பாத்தேன்' என்பது சாதாரணம். 'நேத்து அவரைத்தான் பாத்திருக்கேன்' என்று யாராவது சொன்னால் என்ன அர்த்தம்? பார்த்தபோது யாரென்று தெரியவில்லை, இன்றைக்குத்தான் தெரிந்தது என்று அர்த்தம். நம்முடைய சொந்தச் செயலுக்கே நாம் தடயம் தேடுகிறோம்!

அப்படியென்றால் ஹேவின் தமிழ் எது?

பெரும்பாலும் 'விடு'தான். பேச்சில் அது 'ட்டேன்', 'ருச்சு' என்று தேய்ந்துவிடும். 'சாவியைத் தொலைச்சுட்டேன்' என்று ஒருவர் சொன்னால் சாவி இன்னும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' என்பதற்கும் அதே பொருள். 'பஸ் போயிருச்சு' என்றால் இப்போது பஸ் இல்லை, 'த பஸ் ஹேஸ் லெஃப்ட்'. செயலின் விளைவு இந்த நிமிஷம் கையில் இருக்கிறது. (எங்கள் திண்டுக்கல் பக்கப் பேச்சில் 'போயிருச்சு', 'போயிருக்கு' இரண்டும் ஓசையில் ஒட்டிக்கொண்டு வரும். முதலாவது விடு, இரண்டாவது இரு. வேறு வேறு ஆட்கள்.) 'சாப்டாச்சா?' என்பதில் வரும் 'ஆச்சு'ம் இந்தக் கூட்டம்தான். இந்த 'விடு'வுக்கும் 'ஆச்சு'க்கும் அந்த அட்டவணையில் ஒரு வரி கூட இல்லை. தினமும் பேசுகிற வடிவத்தை விட்டுவிட்டு எதைக் கற்றுக்கொடுக்கிறார்கள்?

ஆனால் இங்கேயும் ஒரு ஓட்டை இருக்கிறது. தமிழின் விடு, நேற்றோடு கூச்சமில்லாமல் சேரும். 'நேத்தே அனுப்பிட்டேன்.' இதை அப்படியே தூக்கினால் 'ஐ ஹேவ் சென்ட் இட் எஸ்டர்டே இட்செல்ஃப்' என்று வரும். ஐ.டி. கம்பெனிகளில் தினமும் பறக்கும் வாக்கியம் இது. நேற்று அனுப்பிய செயலும் 'இப்ப என் பக்கம் பாக்கி இல்லை' என்ற விளைவும் தமிழில் ஒரே வாக்கியத்தில் உட்காரும். ஆங்கிலத்தில் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 'ஐ ஹேவ் சென்ட் இட்' (பாக்கி இல்லை), அல்லது 'ஐ சென்ட் இட் எஸ்டர்டே' (எப்போது என்று சொல்கிறேன்).

இந்தப் பிழைக்குத் தமிழ் மட்டுமே காரணம் என்று நான் வாதாடவில்லை. இந்தி பேசுகிறவர்களும் இதே வாக்கியத்தை எழுதுகிறார்கள். இந்திய ஆங்கிலத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே இதை மொழியியலாளர்கள் குறித்திருக்கிறார்கள். பிரெஞ்ச் போன வழியில் நம் ஆங்கிலமும் போகிறது என்றுகூடப் பார்க்கலாம். நமக்குள் பேசும்போது இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் எங்கே வருகிறது என்பதற்கு ஒரு உதாரணம்.

ஒரு மெயில்

நான் முன்பு இருந்த ஒரு டீமில் நடந்தது. ராத்திரி கண்காணிப்பு லாகில் இரண்டு வரி:

```
02:10 server down
02:25 server up
```

காலையில் வேலைக்கு வந்த பையன் லாகைப் பார்த்துவிட்டு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒரு வரி எழுதினான்: 'த சர்வர் ஹேஸ் கான் டவுன் அட் 2.10. வீ ஆர் செக்கிங்.' பத்து நிமிஷத்தில் அங்கிருந்து போன். சர்வர் இன்னும் விழுந்து கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு இரண்டு மேனேஜர்கள் அழைப்பில் காத்திருந்தார்கள்.

பையனின் மண்டையில் ஓடிய தமிழ் என்ன? 'ரெண்டு பத்துக்கு சர்வர் டவுன் ஆயிருக்கு.' அச்சு அசல் சரியான தமிழ். அவன் நேரில் பார்க்கவில்லை, லாக் என்ற தடயத்தைப் பார்த்தான், அதனால் 'இருக்கு' போட்டான். மழை பேஞ்சிருக்கு என்பது போலத்தான். அந்த 'இருக்கு'வை அட்டவணை ஹேஸ் ஆக்கிவிட்டது. படித்தவர்களோ 'அட் 2.10' என்பதை ஒரு சின்ன இடறலாகத் தள்ளிவிட்டு, ஹேஸைத்தான் நம்பினார்கள். ஹேஸ் கான் டவுன் என்றால் விளைவு இப்போதும் இருக்கிறது, அதாவது சர்வர் இன்னும் எழவில்லை. 'வென்ட் டவுன் அட் 2.10 அண்ட் கேம் பேக் அட் 2.25' என்று எழுதியிருந்தால் அந்த போன் வந்திருக்காது.

அட்டவணைக்குப் பதிலாக

நான் சொல்லித்தருவதாக இருந்தால் இந்த மூன்று கேள்விகளை வைப்பேன், இதே வரிசையில்.

ஒன்று: வாக்கியத்தில் 'எப்போ?'வுக்குப் பதில் இருக்கிறதா? நேற்று, போன வாரம், 1921-ல், ரெண்டு பத்துக்கு, அகோ, எதுவானாலும் சரி. இருந்தால் சிம்பிள் பாஸ்ட். தமிழில் 'ட்டேன்' வந்தாலும், 'இருக்கு' வந்தாலும் கவலைப்பட வேண்டாம். பெரும்பாலான பிழைகள் இந்த ஒரு கேள்வியிலேயே வடிந்துவிடும்.

இரண்டு: எப்போ என்று சொல்லவில்லை. அப்படியானால் விளைவு இப்போது நிற்கிறதா, அல்லது 'வாழ்க்கையில் ஒரு தடவையாவது' என்ற அனுபவமா? இரண்டில் எதுவானாலும் ஹேவ்.

மூன்று: அப்போது தொடங்கியது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? தமிழ் இதற்கு நிகழ்காலத்தையே போடும்: 'பத்து வருஷமா சேவுகம்பட்டியில இருக்கேன்.' ஆங்கிலத்துக்கு ஹேவ் வேண்டும்: 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்.' 'பத்து வருஷம் இருந்தேன்' என்றால் காலி செய்துவிட்டுப் போயாயிற்று, ஹேவ் இல்லை. தமிழில் 'வருஷமா', 'வருஷம்' என்று ஒரே ஒரு 'ஆ' காட்டுகிற வித்தியாசத்தை ஆங்கிலம் வினையில் காட்டுகிறது.

இந்த மூன்றுக்கும் அடங்காத இடங்கள் இரண்டு உண்டு. 'திஸ் மார்னிங்' போன்ற சொற்கள் கடிகாரத்தைப் பார்த்து மாறும். காலை பதினொரு மணிக்கு 'ஹேவ் யூ சீன் ஹிம் திஸ் மார்னிங்?' என்று கேட்கலாம், ஏனென்றால் காலை இன்னும் முடியவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு 'டிட் யூ சீ ஹிம்' என்றாகிவிடும். இன்னொன்று அமெரிக்கர்கள். பிரிட்டிஷ்காரர் ஹேவ் போடுகிற 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி', 'யெட்' இடங்களில் அவர்கள் சிம்பிள் பாஸ்ட்டோடு போய்விடுவார்கள். 'ஐ ஜஸ்ட் ஏட்' என்று சொல்வது அங்கே சகஜம். 'சற்று முன்' விதி அங்கே இன்னும் மோசமாகத் தோற்கும்.

கவனித்தால், இரண்டு பக்கத்திலும் ஒரே திசையில்தான் விலகல் இருக்கிறது. ஹேவ் வேண்டிய இடத்தில் சிம்பிள் பாஸ்ட் போட்டால் அமெரிக்காவில் பல நேரம் செல்லும். சிம்பிள் பாஸ்ட் வேண்டிய இடத்தில் ஹேவ் போட்டால் எங்கேயும் இடறும், சில நேரம் அர்த்தமே மாறிவிடும். ஆகவே சந்தேகம் வந்தால், வாக்கியத்தில் ஒரு நேரமும் இருந்தால், ஹேவை எடுத்துவிடுங்கள்.